கார்டு தயார், மெட்டை எங்கிருந்து தொடங்குவது? மூன்று வழிகள், ஒரே எட்டு பார்

கீபோர்டில் நாலு கார்டைச் சுற்றிச் சுற்றி வாசிக்கத் தெரிந்த பலர் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். இடது கையில் கார்டு ஓடுகிறது, வலது கை எங்கே போவதென்று தெரியாமல் தடுமாறுகிறது. யாரைக் கேட்டாலும் ஒவ்வொருவரும் ஒரு பதில் சொல்கிறார்கள். கார்டுக்குள் இருக்கும் சுரங்களைப் பிடி என்பார் ஒருவர். சும்மா முனகிப் பார், தானாக வரும் என்பார் இன்னொருவர். முதலில் தாளத்தையும் வரியின் அளவையும் முடிவு செய், சுரம் அப்புறம் என்பார் மூன்றாமவர். மூன்றுமே சரியான வழிகள்தான். ஆனால் மூன்றும் மூன்று விதமான மெட்டைத் தரும், தொல்லையும் வெவ்வேறு இடத்தில் வரும். ஒரே கார்டு வரிசையை மூன்று வழியிலும் ஓட்டிப் பார்ப்போம்.

## எடுத்துக்கொண்ட கார்டுகள்

எட்டு பார், பாருக்கு நான்கு பீட், ஒவ்வொரு பாருக்கும் ஒரு கார்டு. ஒன்றாம் கட்டையை ச என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் வெள்ளைக் கட்டைகள் அத்தனையும் சங்கராபரணத்தின் ஏழு சுரங்கள்.

```
பார் 1-4:  சி மேஜர் | ஏ மைனர் | எஃப் மேஜர் | ஜி மேஜர்
பார் 5-8:  சி மேஜர் | ஏ மைனர் | ஜி மேஜர்   | சி மேஜர்

சி மேஜர்   = ச க ப
ஏ மைனர்   = த ச க
எஃப் மேஜர் = ம த ச
ஜி மேஜர்   = ப நி ரி
```

முதல் நாலு பார் ஜி-யில் நிற்பதால் கேள்வி கேட்டது போல் தொக்கி நிற்கும். அடுத்த நாலு பார் சி-க்குத் திரும்பிப் பதில் சொல்லும்.

வழிகளுக்குள் போவதற்கு முன் இந்தக் கார்டுகளைப் பற்றி ஒரு விஷயம். வெள்ளைக் கட்டைகளில் க-வுக்கும் ம-வுக்கும் நடுவே கறுப்புக் கட்டை கிடையாது, நி-க்கும் மேல் ச-வுக்கும் நடுவிலும் கிடையாது. மெட்டில் வரும் பெரும்பாலான உரசல் இந்த இரண்டு இடங்களிலிருந்துதான் பிறக்கிறது. கார்டில் க இருக்கும்போது மேலே ம-வை நீட்டினால் இடிக்கும், அதாவது சி-யிலும் ஏ மைனரிலும். கார்டில் நி இருக்கும்போது ச-வை நீட்டினால் இடிக்கும், அதாவது ஜி-யில். எஃப் மேஜரில் க-வும் இல்லை, நி-யும் இல்லை. அங்கே எந்த வெள்ளைக் கட்டையும் அவ்வளவு மோசமாக இடிக்காது. இதை நினைவில் வைத்தால் கீழே வருவதில் பாதி உடனே புரியும்.

## எதை வைத்து ஒப்பிடப் போகிறோம்

முதல் அளவுகோல், கார்டை நிறுத்திவிட்டு மெட்டை மட்டும் வாசித்தால் கார்டு மாறுவது காதில் தெரிகிறதா என்பது. நல்ல மெட்டு தன் கார்டைத் தானே சொல்லிவிடும்.

இரண்டாவது, நீளமான சுரங்களும் முதல் பீட்டிலும் மூன்றாம் பீட்டிலும் விழும் சுரங்களும் கார்டின் மேல் உட்காருகின்றனவா என்பது. ஓடிக் கடக்கும் சுரத்தைக் காது மன்னித்துவிடும், நின்று நீளும் சுரத்தை மன்னிக்காது.

மூன்றாவது, வரிக்கு வடிவம் இருக்கிறதா. பாடுகிறவர் எங்கே மூச்சு விடுவார், எங்கே உச்சம், எங்கே இறக்கம் என்று கேட்பவருக்குத் தெரிய வேண்டும். உச்சம் இரண்டு மூன்று இடத்தில் வந்தால் அது உச்சமே இல்லை.

நான்காவது, வார்த்தை ஏறுமா. இது வாத்திய இசைக்குத் தேவைப்படாது. பாட்டு எழுதப் போகிறீர்கள் என்றால் இதுதான் பெரிய அளவுகோல்.

இவற்றோடு, எவ்வளவு திருத்த வேண்டியிருக்கும், அந்தத் திருத்தம் எங்கே வரும் என்பதையும் பார்ப்போம். அதுதான் யாரும் முன்கூட்டிச் சொல்லாத செலவு.

## வழி ஒன்று: கார்டு சுரங்களை நட்டுவிட்டு இடைவெளியை நிரப்புதல்

ஒவ்வொரு பாரின் முதல் பீட்டுக்கும் மூன்றாம் பீட்டுக்கும் அந்தக் கார்டிலிருந்து ஒரு சுரம் தேர்ந்தெடுக்கிறோம். நடுவில் உள்ள இரண்டாம், நான்காம் பீட்களைப் பாஸிங் நோட்டால் நிரப்புகிறோம். இரண்டு கார்டு சுரங்களுக்கு நடுவே படிப்படியாகக் கடந்துபோகும் சுரம்தான் பாஸிங் நோட். ச-விலிருந்து க-வுக்குப் போக ரி, க-விலிருந்து ப-வுக்குப் போக ம. ப-விலிருந்து மேல் ச-வுக்குப் போவதென்றால் நடுவில் த, நி என்று இரண்டு இருக்கின்றன. ஒரே பீட்டுக்குள் இரண்டையும் திணிக்க வேண்டும், அல்லது நேராகத் தாவிவிட வேண்டும்.

எந்தக் கார்டு சுரத்தை எடுப்பது என்பதில் பலர் வழுக்குவது, பெயர்ச் சுரத்தையே எடுப்பதால். சி-க்கு ச, ஏ மைனருக்கு த, எஃப்-புக்கு ம, ஜி-க்கு ப என்று முதல் பீட்களில் வைத்துப் பாருங்கள். ஒன்றும் தப்பாகக் கேட்காது, ஆனால் மெட்டே காணாமல் போயிருக்கும். பேஸும் அதே சுரங்களைத்தான் வாசிக்கிறது, மெட்டு அதன் நிழலாகிவிடுகிறது. கார்டின் நடுச் சுரத்தை எடுத்தால் நிலைமை வேறு. மேஜரா மைனரா என்று காட்டுவது அந்த நடுச் சுரம்தான். சி-க்கு க, ஏ மைனருக்கு ச, எஃப்-புக்கு த, ஜி-க்கு நி. எல்லா பாரிலும் இதையே எடுக்க வேண்டியதில்லை, இரண்டு மூன்று பாரில் வந்தால் போதும்.

நமது எட்டு பாருக்கு இப்படி ஒன்று வருகிறது. இங்கே ஒவ்வொரு குறியும் ஒரு பீட். கமா என்றால் முந்தைய சுரம் நீள்கிறது, ச' என்றால் மேல் ச.

```
பார் 1-4:  க ம ப ,  | த நி ச' , | த ப ம க   | ரி , , ,
பார் 5-8:  க ம ப ,  | த நி ச' , | நி த ப ரி | ச , , ,
```

முதல் பாரில் க-வும் ப-வும் கார்டு சுரம், ம கடந்து போகிறது. மூன்றாம் பாரில் த-வும் ம-வும் எஃப்-பின் சுரங்கள், ப பாஸிங். கடைசி க-வும் பாஸிங்தான், அது அடுத்த பாரின் ரி-யைத் தொடப் போகிறது. ரி, ஜி-யின் சுரம். ஏழாம் பாரில் ப-விலிருந்து ரி-க்குத் தாவல் இருக்கிறது, இரண்டுமே ஜி-யின் சுரங்கள் என்பதால் அது உறுத்தாது. ரி-யிலிருந்து ச-வுக்குப் படி இறங்கி முடிகிறது.

முதல் இரண்டு அளவுகோலிலும் முழு மதிப்பெண். கார்டை நிறுத்திவிட்டு வாசித்தாலும் ஜி எங்கே வருகிறது, வீடு எங்கே வருகிறது என்று தெரிகிறது. ஆனால் வாசித்துப் பாருங்கள், சரளி வரிசை போல இருக்கும். எல்லாம் ஒரு பீட், ஒரு பீட் என்று நடக்கிறது. அதைவிடப் பெரிய குறை, மேல் ச இரண்டாம் பாரிலேயே வந்துவிட்டது. ஆறாம் பாரில் மறுபடியும் அதே இடத்துக்குத்தான் போகிறோம். பதில் சொல்ல வேண்டிய இரண்டாம் வரிக்குப் புதிதாக ஏறுவதற்கு இடமில்லை.

இதுதான் இந்த வழியின் மறைமுகச் செலவு. பார் பாராக யோசிப்பதால் ஒவ்வொரு பாரும் சரியாக இருக்கும், எட்டு பாரைச் சேர்த்து யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். தப்பே கேட்காததால் எங்கே திருத்துவது என்றும் தெரியாது.

இந்த வழியை விட்டால் வேறு வழியில்லாத இடமும் உண்டு. ஒரு பாரில் இரண்டு கார்டு மாறும்போது முனகல் எட்டிப் பிடிக்காது. அதேபோல் ராகத்துக்கு வெளியே உள்ள கார்டு வரும்போது. இதே பாட்டில் ஏ மைனருக்கு முன்னால் ஈ மேஜர் போடுகிறீர்கள் என்று வையுங்கள். அதன் நடுச் சுரம் ஐந்தரைக் கட்டை, அதாவது ப-வுக்கும் த-வுக்கும் நடுவிலிருக்கும் கறுப்புக் கட்டை. பழக்கத்தில் வாய் வெள்ளை ப-வைப் பாடும், அது ஐந்தரையோடு நேராக மோதும். அங்கே கார்டின் சுரங்களை எழுதி வைத்துக்கொண்டு ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் பிழைக்கும் வழி.

## வழி இரண்டு: கார்டை ஓடவிட்டு முனகி, பிறகு திருத்துதல்

கார்டை லூப்பில் ஓடவிட்டு, போனில் பதிவை அழுத்திவிட்டு, வாய்க்கு வந்ததை முனகுவது. கட்டை உங்கள் குரலுக்குப் பொருந்தாவிட்டால் முதலில் டிரான்ஸ்போஸ் செய்துகொள்ளுங்கள். எட்டாத சுரத்தை வாய் தானாகத் தவிர்க்கும், அப்புறம் உச்சமே இல்லாத மெட்டுதான் கிடைக்கும்.

இந்த வழியின் லாபம் நான்காவது அளவுகோலில் இருக்கிறது. வாயில் பிறந்தது வாயில் பாட வரும். மூச்சு தானாக விழுந்த இடத்தில் விழுந்திருக்கும், தாவல்கள் குரலுக்கு அடங்கியிருக்கும். விரலிலிருந்து வரும் மெட்டுக்கு இந்த உத்தரவாதம் இல்லை.

தொல்லை எங்கே வரும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம், நான்காம் பாரில். ச என்ற சுரம் சி-யிலும் இருக்கிறது, ஏ மைனரிலும் இருக்கிறது, எஃப்-பிலும் இருக்கிறது. மூன்று பார் வரைக்கும் ச-வில் நின்றாலும் நன்றாகவே இருக்கும். வாய்க்கும் அதுதான் சுகம், ச-தானே வீடு. அதே நம்பிக்கையில் நான்காம் பாரிலும் ச-வை நீட்டுவோம். அங்கே ஜி, அதற்குள் நி. முனகும்போது குரல் சற்றே சரிந்து இதை மறைத்துவிடும். அதே வரியைக் கீபோர்டில் வாசிக்கும்போதுதான் ஏதோ உறுத்துகிறதே என்று தோன்றும்.

திருத்த மூன்று வழி உண்டு. ச-வை எடுத்துவிட்டு நி அல்லது ரி-க்கு நகர்த்துவது எளிது. அல்லது ச-வை அப்படியே இரண்டு பீட் வைத்து மூன்றாம் பீட்டில் நி-க்கு இறக்குவது. முந்தைய எஃப் பாரில் ச சொந்தச் சுரம், அது ஜி-க்குள் நீண்டு உரசி, பிறகு இறங்குகிறது. உரசல் தப்பாக இல்லாமல் ஏக்கமாக மாறிவிடும். மூன்றாவது, மெட்டை விட்டுவிட்டுக் கார்டை மாற்றுவது. ஜி மேஜருக்குப் பதில் ஜி சஸ் ஃபோர் போட்டால் அதில் நி-க்குப் பதிலாக ச-வே இருக்கிறது, ப ச ரி. கார்டு கல்வெட்டு இல்லை. பாடிய மெட்டு பிடித்திருந்தால் கார்டைத் தொடுவதில் தயக்கம் வேண்டாம்.

மோகனத்தில் முனகு, தப்பே வராது என்று ஓர் அறிவுரை உண்டு. பாதி உண்மை. மோகனத்தில் ச ரி க ப த மட்டும்தான், ம-வும் நி-யும் இல்லை. அதனால் சி-யின் மேலும் ஏ மைனரின் மேலும் ம இடிக்கும் தொல்லை ஒழிந்தது. ஆனால் ஜி-யின் மேல் ச இடிப்பது ஒழியவில்லை, நி இருப்பது மெட்டில் இல்லை, கார்டில். தவிர, எஃப்-பின் பெயர்ச் சுரமும் ஜி-யின் நடுச் சுரமும் மெட்டில் வரவே வராது. கார்டு மாறினாலும் மாறாவிட்டாலும் மெட்டுக்கு ஒன்றுதான் என்ற மிதப்பு வந்துவிடும். சில பாட்டுகளுக்கு அந்த மிதப்பே அழகு. கேள்வி, பதில் என்று வரி அமைய வேண்டுமென்றால் அது போதாது.

இன்னும் இரண்டு செலவு இந்த வழியில் உண்டு. லூப் முதல் பாரில் தொடங்குவதால் வரியும் எப்போதும் முதல் பீட்டிலேயே தொடங்கும். இதை உடைக்க, ஓரிரு முறை வேண்டுமென்றே ஒரு பீட் பிந்தி நுழைந்து முனகிப் பாருங்கள். அடுத்தது, வாய்க்கு வந்தது ஏற்கெனவே கேட்ட பாட்டாக இருக்கலாம். நமக்கே தெரியாது, ஏனென்றால் அது நமக்கு மிக இயல்பாகப் படும். வேகத்தைப் பாதியாகக் குறைத்துச் சுரங்களை மட்டும் வாசித்து, நிறையப் பாட்டுக் கேட்கும் ஒருவரிடம் காட்டுவதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

## வழி மூன்று: வரியின் வடிவத்தை முதலில் முடிவு செய்து, சுரத்தைப் பிறகு வைத்தல்

இதில் கீபோர்டை மூடிவிட்டுத் தொடங்கலாம். முதலில் தத்தகாரம் மட்டும். குறில் அரை பீட், நெடில் குறைந்தது ஒரு பீட் என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது.

```
பார் 1:  தனனா தா
பார் 2:  தனனா தா
பார் 3:  தனனா தனனா
பார் 4:  தா (மூன்று பீட், பிறகு ஒரு பீட் மௌனம்)
```

முதல் பாரில் த அரை, ன அரை, னா ஒரு பீட், தா இரண்டு பீட். இரண்டாம் பார் அதையே திரும்பச் சொல்கிறது. மூன்றாம் பாரில் நிற்காமல் ஓடி, நான்காம் பாரில் நிற்கிறது. குட்டி, குட்டி, நீளம் என்ற இந்த அளவு காதுக்கு உடனே பிடிபடும். நான்காம் பாரின் கடைசி பீட்டில் மூச்சு. அடுத்த நாலு பாருக்கும் இதே தாளம்.

சுரம் வைப்பதற்கு முன் இன்னொரு முடிவு, உச்சம் எங்கே. முதல் வரி ஓரளவு ஏறி இறங்கட்டும், உண்மையான உச்சம் ஆறாம் பாரில் மட்டும். இதைக் காகிதத்தில் ஒரு கோடாக வரைந்து வைத்துக்கொண்டால் போதும்.

இப்போது சுரம். நீளமான தா-க்களுக்குக் கார்டு சுரம் கட்டாயம், குட்டியான ன-வில் பாஸிங் நோட் வரலாம். முதல் பார் க ம ப, பிறகு நீளும் க. சி-யின் மேல் அழகாக உட்காருகிறது. இரண்டாம் பாரில் அதே உருவத்தை ஒரு படி மேலே தூக்கினால் ம ப த, நீளும் ம. எழுதும்போது நன்றாகத் தோன்றும், வாசித்தால் இடிக்கும். ஏ மைனரில் க இருக்கிறது, அதன் மேல் ம நீள்கிறது. இந்த வழியில் மறுபடி மறுபடி வரும் தொல்லை இது. உருவத்தை நகர்த்தும்போது கார்டு கூடவே நகர்வதில்லை.

தீர்வு, உருவத்தை ஒரு படியாக இல்லாமல் அடுத்த கார்டு எங்கே இடம் தருகிறதோ அங்கே நகர்த்துவது. ச ரி க, நீளும் ச என்று கீழே இறக்கினால் ச-வும் க-வும் ஏ மைனரின் சுரங்கள், ரி பாஸிங். மேலே போக விரும்பினால் த நி ச', நீளும் த. அதுவும் ஏ மைனரில் அப்படியே உட்காரும். ஆக ஒரே உருவத்துக்கு இரண்டு பதில்கள் கிடைத்துவிட்டன. கீழ்ப்பதிலை இரண்டாம் பாருக்கும் மேல்பதிலை ஆறாம் பாருக்கும் வைத்தால், நாம் வரைந்த உச்சம் தானாக வந்துவிடுகிறது.

இங்கே ஒவ்வொரு குறியும் அரை பீட். கோடு என்றால் மௌனம்.

```
சி:       க ம ப , க , , ,
ஏ மைனர்:  ச ரி க , ச , , ,
எஃப்:     ம ப த , த ப ம ,
ஜி:       ரி , , , , , - -

சி:       க ம ப , க , , ,
ஏ மைனர்:  த நி ச' , த , , ,
ஜி:       நி த ப , ரி க ரி ,
சி:       ச , , , , , - -
```

மூன்றாம் பாரில் ம-வும் த-வும் எஃப்-பின் சுரங்கள், நடுவே வரும் ப இரண்டு தடவையும் பாஸிங். ஏழாம் பாரில் ரி க ரி என்று வருகிற க பாஸிங் அல்ல, பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிற சுரம். ஓரிடத்திலேயே இருந்துகொண்டு அசைவு காட்ட இது உதவும். அங்கிருந்து ச-வுக்கு ஒரு படி.

நான்காம் பாரில் ரி-யில் நேராக நிற்பது கொஞ்சம் வறட்சியாகப் பட்டால், முதல் பீட்டில் க வைத்து இரண்டாம் பீட்டில் ரி-க்கு இறக்கிப் பாருங்கள். முந்தைய பார் ம-வில் முடிகிறது, ஆகவே ம, க, ரி என்று படிப்படியாக வருகிறது. க, ஜி-யின் சுரம் அல்ல. வலுவான பீட்டில் வெளிச் சுரம் வந்தாலும், அது உடனே ஒரு படி நகர்ந்து கார்டுக்குள் வந்துவிட்டால் காது அதை விரும்பும். இதை எட்டு பாரில் ஒரு முறை செய்தால் ருசி. ஒவ்வொரு பாரிலும் செய்தால் சலிப்பு.

வழி ஒன்றில் கிடைத்ததோடு சேர்த்து வாசியுங்கள். இரண்டிலும் முதல் பார் அதே க ம ப. ஆனால் இதில் முதல் வரியின் உச்சி த, இரண்டாம் வரியின் உச்சி மேல் ச, அதுவும் ஒரே தடவை. மொத்தம் ஒரு ஸ்தாயிக்குள் அடங்குகிறது, பெரும்பாலான குரல்களுக்கு அது சிரமமில்லை.

வார்த்தை விஷயத்தில் இந்த வழிக்கு ஈடே இல்லை. தமிழில் மெட்டுக்குப் பாட்டு எழுதுகிறவர் முதலில் பார்ப்பது குறிலும் நெடிலும்தான். தனனா தா என்றால் "வருவாயா" அப்படியே உட்காரும். மூன்றாம் பாரின் தனனா தனனாவுக்கு "வரவா தரவா" போதும். யாப்பு படித்தவர்கள் முதலாவதைப் புளிமாங்காய், அடுத்ததை இரண்டு புளிமா என்று அடையாளம் கண்டிருப்பார்கள். வழி ஒன்றின் மெட்டுக்கு இப்படி எழுதிப் பாருங்கள். எல்லா சுரமும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் குறிலும் இழுபடும், நெடிலும் அதே அளவில் நிற்கும்.

செலவு என்று பார்த்தால், தொடக்கம் மெதுவாக இருக்கும். சுரமே இல்லாமல் தாளத்தைத் தட்டிக்கொண்டிருப்பது பலருக்கு வேலை செய்வதாகவே தோன்றாது. அதோடு, உருவத்தின் மேல் காதல் வந்துவிட்டால் எட்டு பாரிலும் அதையே ஒட்டத் தோன்றும். மேலே உள்ள மெட்டிலும் அந்த ஆபத்து இருக்கிறது. இரண்டு வரிக்குச் சரி, சரணத்துக்கும் இதே தனனா தா வந்தால் கேட்பவர் எழுந்து போய்விடுவார்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | கார்டு சுரம் முதலில் | முனகல் முதலில் | வடிவம் முதலில் |
|---|---|---|---|
| மெட்டில் கார்டு தெரிவது | நன்றாகத் தெரியும் | மங்கலாகத் தெரியும் | நீண்ட சுரங்களைக் கவனித்தால் தெரியும் |
| உரசல் வரும் இடம் | அநேகமாக வராது | ஜி பாரில் நீளும் ச | உருவத்தை நகர்த்தும் பாரில் |
| உச்சமும் மூச்சும் | தனியாகத் திட்டமிட வேண்டும் | மூச்சு தானாக வரும், உச்சம் நிச்சயமில்லை | முதலிலேயே முடிவாகிவிடும் |
| வார்த்தை ஏறுவது | கடினம் | எளிது | மிக எளிது |
| மறைமுகச் செலவு | பயிற்சி வரிசை போன்ற நடை | கேட்ட பாட்டின் சாயல் | ஒரே உருவம் சலிப்பது |
| பொருந்தும் இடம் | வேகமாக மாறும் கார்டு, ராகத்துக்கு வெளியே உள்ள கார்டு, இடையிசை | கார்டு இன்னும் முடிவாகாத பாட்டு, பாடகரே மெட்டு போடும்போது | பல்லவி, விளம்பரப் பாட்டு, குழந்தைப் பாட்டு |

## நான் எதை எடுப்பேன்

முதல் மெட்டு போடுகிறவர் பாட்டுக்காகப் போடுகிறார் என்றால் மூன்றாவது வழியில் தொடங்கச் சொல்வேன். கார்டு சுரம், பாஸிங் நோட் என்ற பாடத்தை முதலில் கற்றவர்கள் அதையே தொடக்கமாக எடுத்துக்கொள்கிறார்கள், சிக்கல் அங்கேதான். அது சோதிக்கும் கருவியாகத்தான் நன்றாக வேலை செய்கிறது. தாளமும் உச்சமும் முடிவான பிறகு நீண்ட சுரங்களை மட்டும் கார்டோடு ஒப்பிட்டால் போதும். மேலே உள்ள மெட்டில் ஒவ்வொரு பாரிலும் நீளும் சுரம் ஒன்று அல்லது இரண்டுதான், சரிபார்க்க அதிக நேரம் ஆகாது.

இரண்டாம் வரியை முடிக்க முடியாமல் திணறினால், அந்த இடத்துக்கு மட்டும் முனகலைக் கூப்பிடுங்கள். முதல் வரியைப் பாடிவிட்டு நிறுத்தாமல் மேலே போனால், ஐந்தாம் பாருக்கு அப்புறம் வாய் எங்கே போக விரும்புகிறது என்று தெரிந்துவிடும். ஒரே ஒரு பார் மட்டும் படியவில்லை என்றால் அப்போது முதல் வழிக்குப் போங்கள். அந்தக் கார்டின் மூன்று சுரங்களையும் ஒவ்வொன்றாக வைத்து, முந்தைய சுரத்திலிருந்தும் அடுத்த சுரத்துக்கும் எது குறைவான தாவலில் போகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

மாறாக, நீங்கள் எழுதுவது பாடப்படாத இடையிசை, வயலினுக்கோ புல்லாங்குழலுக்கோ என்றால் வார்த்தை பற்றிய கவலை இல்லை, குரலின் எல்லையும் இல்லை. அங்கே முதல் வழியில் தொடங்குவதில் தப்பில்லை. ஆனால் சுரங்களை நட்ட பிறகு, சில சுரங்களை நீட்டியும் சிலவற்றைப் பாதியாக்கியும் தாளத்தை உடைத்தே ஆக வேண்டும்.

எந்த வழியானாலும் வேகத்தை முடிவு செய்யாமல் பாஸிங் நோட்டை இறுதி செய்யாதீர்கள். நிமிடத்துக்கு 120 பீட் என்றால் அரை பீட் பாஸிங் நோட் கால் வினாடிதான் நிற்கும். சி-யின் மேல் ம வந்தது யாருக்கும் தெரியாது. அதே மெட்டை 60-க்கு இறக்கினால் அந்த ம அரை வினாடி நிற்கும், கார்டில் உள்ள க-வோடு உரசுவது கேட்கத் தொடங்கும். வலது கை மெட்டுக்குப் பக்கத்திலேயே கார்டு ஒலித்தால் இன்னும் நன்றாகக் கேட்கும். மெதுவான பாட்டென்றால் கார்டை ஒரு ஸ்தாயி கீழே வாசியுங்கள். அப்போதும் உறுத்தினால் ம-வைக் கால் பீட்டாகச் சுருக்கி, மிச்ச நேரத்தைக் க-வுக்கோ ப-வுக்கோ கொடுத்துவிடலாம்.